முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டு

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்கு என்ன கர்வம் இருக்க முடியும் என்று நினைப்பீர்கள். எனக்கு இருந்தது. இந்தப் பக்கத்தில் வேலைக்குப் போன பாதிப் பேருடைய பயோடேட்டா என் கையால் டைப் ஆனது. ஒரகடம் கம்பெனிக்குப் போனவன், மஸ்கட்டுக்கு வெல்டராகப் போனவன், பாண்டிச்சேரியில் நர்ஸாகச் சேர்ந்தவள் எல்லோரும் என் கடை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பா பெயர், மதம், சாதி, பிறந்த தேதி என்று வரிசையாக ஒப்பித்துவிட்டுப் போனவர்கள்தான். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஃபைல் வைத்திருந்தேன். ஆளுக்கு ஆள் பெயரை மாற்றுவேன், படிப்பை மாற்றுவேன். கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி அளிக்கிறேன்’ என்ற வரி மட்டும் மாறவே மாறாது. அந்த ஃபைலால் யாருக்கும் வேலை கிடைக்காமல் போனதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதனால்தான் ஆன்மேரியின் விண்ணப்பம் திரும்பி வந்தபோது யாரோ என்னைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஆன்மேரி பக்கத்து ஊரான அனுமந்தைக்காரி. பி.எஸ்சி. கணக்கு, பி.எட். முடித்தவள். மூன்று வருஷம் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தாள். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். பெங்களூரு கம்பெனி ஒன்று வெளிநாட்டுப் பிள்ளைகளை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. போன வருஷம் அந்தக் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை மெயில் அனுப்பிவிட்டு மூடிக்கொண்டது. அதிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

அவள் புருஷன் டோமினிக் நல்லவன்தான். பாண்டிச்சேரியில் தெரிந்தவர் மூலமாக ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின் விற்கிற ஷோரூமில் பில்லிங் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டான். புதுக் கிளை, மார்ச்சில் திறக்கிறார்கள், ஆர்டர் கையில் வந்துவிட்டது. போனால் காலையில் பஸ் ஏறி ராத்திரி இறங்க வேண்டும். அதற்குப் பிறகு யாருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க? ஆன்மேரி டீச்சர் என்கிற ஆள் மார்ச்சோடு காலி. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும்.

லண்டனிலிருந்து நடத்துகிற ஒரு டியூஷன் தளத்தை அவளே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். பல நாட்டு ஆசிரியர்களையும் எடுத்துக்கொள்வார்கள். ரெஸ்யூமே அனுப்ப வேண்டும், அது பிடித்தால் வீடியோவில் நேர்காணல், அப்புறம் நம் பக்கத்தைத் தளத்தில் போடுவார்கள். பெற்றோர்கள் அதைப் படித்துப் பார்த்துத் தங்கள் பிள்ளைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜனவரி முதல் வாரம் என் கடைக்கு வந்து, “அக்கா, நீங்கதான் நல்லா போட்டுத் தரணும்” என்றாள். போட்டுத் தந்தேன். ஃபைலைத் திறந்து பெயரை மாற்றினேன்.

என் புருஷன் ஜெயப்பிரகாஷ் கடையின் பின்பக்கத்தில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறவர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைவண்ணம்தான். மே மாதம் வந்தால் பள்ளிக்கூட ஃபிளெக்ஸ்கள். நூறு சதவீதத் தேர்ச்சி, மேலே முதல் மூன்று பிள்ளைகளின் முகம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் மார்க். அந்த அனுபவத்தில் அவரும் வந்து எட்டிப் பார்த்து யோசனை சொன்னார். “நூறு சதவீதத் தேர்ச்சின்னு போடு. ஆன்மேரிகிட்ட படிச்சு தொண்ணூத்தெட்டு வாங்குனானே, அந்தப் பையனைப் போடு. பாடம் எடுத்தது ஐயாயிரம் மணி நேரத்துக்கு மேலன்னு போடு, ஸ்கூல்ல எடுத்தது, வீட்ல எடுத்தது எல்லாம் சேத்து. ரவுண்டா இருந்தாத்தான் நிக்கும்.”

ஆன்மேரி தலையாட்டினாள். நான் டைப் செய்தேன். போட்டோ ஒட்டி, ஓரத்தில் பூ பார்டர் வைத்து, பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினோம். ஒன்பதாம் நாள் பதில் வந்தது.

அன்று உப்பளத்தில் பாத்தி மிதிக்கப் போகிற ஜனங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள், கடையில் கூட்டமில்லை. ஆன்மேரி போனை என் முன்னால் வைத்தாள். மரியாதையான இங்கிலீஷ்தான், ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அப்படியும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

தந்தை பெயர், மதம், சாதி, திருமண விவரம், பிறந்த தேதி எதுவும் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஐயாயிரம் மணி நேரத்தில் ஆன்லைனில் ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியராக எடுத்தது எவ்வளவு, வகுப்பறையில் எடுத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். நீங்கள் குறிப்பிட்ட ஜாம்போர்டு என்ற ஆன்லைன் எழுதுபலகை இப்போது சேவையிலேயே இல்லை, தற்போது எந்தப் பலகையில் எழுதுகிறீர்கள், ஒவ்வொரு கருவியையும் பாடத்தில் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? கடைசியாக ஒன்று: நூறு சதவீதத் தேர்ச்சி என்பது எங்களுக்கு எதையும் சொல்லவில்லை. உங்களிடம் வந்தபோது மாணவர் எங்கே இருந்தார், பிறகு எங்கே வந்தார், எவ்வளவு காலத்தில்? அதைச் சொல்லுங்கள். பதினான்கு நாளுக்குள் ஒரே ஒரு முறை திருத்தி அனுப்பலாம். அதுவும் சரியில்லை என்றால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி.

“ஆறு மாசம்னா ஜூலை” என்றாள் ஆன்மேரி. “நான் மார்ச்சுலயே பில் போட்டுக்கிட்டு இருப்பேன் அக்கா.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அப்பா பெயர் இல்லாமல் ஒரு மனுஷியா? பூ பார்டரில் என்ன குற்றம்? கொஞ்ச நேரம் லண்டனைத் திட்டித் தீர்த்தேன். பிறகு அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, அந்தப் பழைய ஃபைலை மூடிவிட்டு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வெள்ளைப் பக்கம் திறக்கிறேன். என்ன டைப் செய்வது என்றே தெரியவில்லை.

“நீ சொல்லு, நான் அடிக்கிறேன். நானா எதுவும் போட மாட்டேன்” என்றேன்.

மேலே பெயர். அதன் கீழே என்ன பாடம், எந்த வகுப்புக்கு என்று ஒரே வரி: கணக்கு, ஐந்திலிருந்து எட்டு வரை. பத்தாம் வகுப்பையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். பத்தாவதுக்கு ஆன்லைனில் எடுத்ததே இல்லை, வேண்டாம் என்றாள். மணி நேரக் கணக்குக்குக் கம்பெனியின் பழைய சம்பள மெயில்களைத் தேடி எடுத்தோம். மாதா மாதம் எத்தனை வகுப்பு என்று அதில் இருந்தது. கூட்டிப் பார்த்தால் அறுநூற்று நாற்பது மணி நேரம். ஐயாயிரம் எங்கே, அறுநூற்று நாற்பது எங்கே. பள்ளிக்கூடத்து மூன்று வருஷத்தைத் தனியாக, வகுப்பறை அனுபவம் என்று போட்டோம். இரண்டையும் கூட்டவில்லை.

கருவிகளில் அவள் கெட்டிக்காரி. வகுப்பு ஜூமில், எழுதுவது பென் டேப்லெட்டால் அதன் ஒயிட்போர்டிலேயே, எண்கோடும் பின்னமும் காட்ட ஜியோஜீப்ரா, வீட்டுப்பாடம் கூகுள் கிளாஸ்ரூமில். எதை எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொன்னாள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர், ஃபைபர் போனால் மொபைல் டேட்டா என்றும் சேர்த்தோம். உப்புக் காற்றில் எல்லாமே இற்றுப்போகிற ஊரில் அதையும் சொல்ல வேண்டியதுதான். எந்தெந்த நேரம் அவளால் முடியும் என்பதை நம் நேரத்திலும் லண்டன் நேரத்திலும் போட்டோம்.

அதன் பிறகு மாணவர் விவரம். அங்கே நின்றுவிட்டோம்.

“அந்தத் தொண்ணூத்தெட்டுப் பையன் வரும்போது எவ்ளோ வாங்கிட்டு இருந்தான்?” என்று கேட்டேன்.

“தொண்ணூத்தாறு” என்றாள், தரையைப் பார்த்தபடி. “அவனுக்கு நான் ஒண்ணும் பண்ணலைக்கா. நான் இல்லாட்டியும் வாங்கியிருப்பான்.”

“அப்ப வேற யாரு?”

ரிஃபா என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். ஷார்ஜாவில் ஆறாம் வகுப்பு. அம்மா ஷமீமா, பரங்கிப்பேட்டைக்காரர். ஆன்மேரியிடம் வந்தபோது அந்தப் பெண் கணக்கில் முப்பத்தொன்று. அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுவாளாம். தப்பு என்று எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. ஆன்மேரி தப்பு என்று சொல்லவில்லை. எண்கோட்டைப் போட்டு, அரை எங்கே இருக்கிறது என்று அவளையே புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறாள். பிறகு ஐந்தில் இரண்டு எங்கே என்று கேட்டிருக்கிறாள். அது அரைக்கு இடது பக்கம் போய் விழுந்தது. “அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தோம், எப்படிம்மா குறைஞ்சுது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாளாம். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதல் தடவையாகத் தானே அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறாள்.

இதைச் சொல்லும்போது ஆன்மேரியின் கை காற்றில் கோடு போட்டது. நான் இத்தனை மாதத்தில் பார்க்காத முகம்.

“ஏழு மாசம் எடுத்தேன். அப்புறம் கம்பெனி மூடிட்டாங்க” என்றாள்.

“கடைசியா எவ்ளோ வாங்குனா?”

“ஐம்பத்தெட்டு.”

அதைச் சொன்ன விதத்தில் அவமானம் இருந்தது. எனக்கும் புரிந்தது, நானும் இந்த ஊர்தானே. இங்கே ஐம்பத்தெட்டு வாங்கின பிள்ளையை யாரும் ஃபிளெக்ஸில் போட மாட்டார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவே தெருவில் சொல்ல மாட்டாள். ஆன்மேரி அதன் பிறகு ஷமீமாவுக்கு ஒரு மெசேஜ்கூடப் போட்டதில்லையாம். கடைசி வகுப்பில் மார்க்கைப் பற்றிப் பேசியபோது அந்த அம்மா ‘சரி டீச்சர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். ஏமாந்துபோய்விட்டார் என்று இவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

பின்பக்கத்திலிருந்து ஜெயப்பிரகாஷ் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “ஐம்பத்தெட்டைத் திருப்பிப் போட்டா எண்பத்தஞ்சு. ரெண்டு நம்பரை இடம் மாத்துறதுதானே. முப்பத்தொண்ணுலேர்ந்து எண்பத்தஞ்சுன்னா எவன் விடுவான்? யாரு ஷார்ஜாவுக்குப் போயி ரேங்க் கார்டு பாக்கப் போறாங்க?” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கை பரபரத்தது. பதினான்கு நாள், ஒரே வாய்ப்பு, மார்ச்சில் பில்லிங் மிஷின். எட்டையும் ஐந்தையும் இடம் மாற்ற ஒரு நொடி போதும். நான் ஆன்மேரியைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று உடனே சொல்லிவிடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பக்கத்தை எல்லாரும் திறந்து பாக்கலாம்ணா” என்றாள் கடைசியில். “நாளைக்கு ரிஃபாவே அதைத் திறந்து பாப்பா. நம்ம டீச்சருக்கு நம்ம மார்க்கு பத்தலை போலன்னு நினைப்பா.”

ஜெயப்பிரகாஷ் உள்ளே போய்விட்டார். அவரும் கெட்டவர் இல்லை, ஃபிளெக்ஸ்காரர், அவ்வளவுதான்.

முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டு, ஏழு மாதம், வாரம் இரண்டு வகுப்பு, பின்னங்கள் என்று டைப் செய்தேன். பெயர் போடக் கூடாது, ஷார்ஜா, ஆறாம் வகுப்பு மாணவி என்று மட்டும் போடுங்கள் என்றாள். அப்படிப் போடவும் அந்த அம்மாவைக் கேட்காமல் முடியாதாம். பிள்ளை விஷயம், கேட்காமல் போட்டால் தப்பு. ஆனால் கேட்கப் பயம். போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நான்தான் அதட்டினேன். “லண்டனுக்கு எழுதத் தெரியுது, பரங்கிப்பேட்டைக்காரம்மாவுக்கு எழுதத் தெரியலையா? போடுடி.”

போட்டாள். அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் தினமும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஏதாவது ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கு. கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. என் முன்னால் போட்டுக் கேட்டாள்.

“டீச்சர், ஊருக்கு வந்திருந்தோம், போன் மாத்துனதுல உங்க மெசேஜை இப்பத்தான் பாத்தேன், மாஃப் பண்ணிக்கோங்க. தாராளமா போடுங்க. நீங்க போனதுக்கப்புறம் ரொம்ப ஏறிடலை, அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டுதான் வாங்குறா. ஆனா டீச்சர், முன்னாடியெல்லாம் மேத்ஸ் டெஸ்ட்டுன்னா காலையில வயிறு வலிக்குதுன்னு படுத்துக்குவா. இப்ப படுக்குறதில்லை. ஸ்கூல் பையை எடுத்துக்கிட்டு அவளே கிளம்பிடுறா. உங்ககிட்ட அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன். அழுகை வந்துடுச்சு, அதான் சரின்னு சொல்லி வச்சுட்டேன்.”

ஆன்மேரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் மகள் என்னிடம், “அம்மா ஏன் அழுவுது?” என்று கேட்டது. நான் அதற்கு ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்து வாயை அடைத்தேன்.

அன்று சாயங்காலமே அனுப்பினோம். ஒன்றரைப் பக்கம். போட்டோ இல்லை, பார்டர் இல்லை, உறுதிமொழி இல்லை. ஒரு பக்கத்தைப் பார்த்து இவ்வளவு வெறிச்சென்று இருக்கிறதே என்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் நேர்காணல். அதையும் என்னிடம் வந்து சொன்னாள். அந்தப் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. டிகிரி பற்றி ஒரு கேள்வி. அறுநூற்று நாற்பது மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஐம்பத்தெட்டைக் காட்டி, இந்த மாணவிக்கு என்ன செய்தீர்கள், என்னை அந்த மாணவியாக நினைத்துக்கொண்டு செய்து காட்டுங்கள் என்றிருக்கிறார். ஆன்மேரி எண்கோடு போட்டிருக்கிறாள். அந்தப் பெண்மணி வேண்டுமென்றே ஐந்தில் இரண்டு என்று எழுத, இவள் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாளாம்.

“நீ ஏதாவது பேசி இருக்கலாமில்ல? சும்மா இருந்தா தெரியலைன்னு நினைக்கப் போறாங்க” என்று நான் பதறினேன்.

“அங்க பேசக் கூடாதுக்கா. பேசுனா அந்தப் பொண்ணு யோசிக்க மாட்டா” என்றாள். எந்தப் பொண்ணு, அது ஐம்பது வயசுப் பெண்மணி என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

தேறிவிட்டாள். பிள்ளைகளோடு பேசுகிற வேலை என்பதால் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டார்கள். அதை என் கடையிலேயே ஆன்லைனில் போட்டோம். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்து விசாரித்ததில் அனுமந்தை முழுக்க ஆன்மேரி என்ன செய்தாள் என்று பேச்சு. டோமினிக் வீடு வீடாக விளக்கம் சொல்லி ஓய்ந்துபோனான். சான்றிதழ் வந்து, அவள் பக்கம் தளத்தில் ஏறியபோது பிப்ரவரி முடியப் போகிறது. நாங்கள் மூன்று பேரும் என் திரையில் திறந்து பார்த்தோம்.

அவளுக்கு மேலேயும் கீழேயும் வரிசையாக ஆசிரியர்கள். ஒருவரிடம் மூவாயிரம் மணி நேரம். இன்னொருவரின் பிள்ளைகள் எல்லோரும் முதல் தரம். நடுவில் இவள், ஐம்பத்தெட்டோடு. ஜெயப்பிரகாஷ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சொன்னேனே என்று வாயைத் திறந்திருந்தால் அன்று அவருக்குச் சோறு கிடையாது. அவர் திறக்கவில்லை.

நான்கு நாள் யாரும் வரவில்லை. ஷோரூமிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. டோமினிக் வற்புறுத்தவில்லை, ஆனால் பஸ் பாஸுக்குப் போட்டோ எடுத்துவிடலாமா என்று கேட்டான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கத்தான் அவள் என் கடைக்கு வந்தாள். நான் கேமராவைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் போன் சத்தம் போட்டது.

படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு, “நீங்க படிங்கக்கா” என்று நீட்டினாள்.

லெஸ்டரிலிருந்து ஒரு தகப்பன். பெயர் என் வாயில் நுழையவில்லை. முதல் வகுப்பு திங்கட்கிழமைக்குப் பதிவு செய்திருந்தார். கீழே எழுதியிருந்ததை ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிப் படித்தேன். என் மகனுக்குப் பதினொரு வயது. கணக்கில் முப்பதுக்குமேல் வாங்கியதில்லை. இரண்டு மணி நேரமாக ஆசிரியர்களின் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எல்லோரிடமும் முதல் மதிப்பெண் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில்தான் என் மகனைப் போல ஒரு பிள்ளையைப் பார்த்தேன்.

நான் படித்து முடித்தபோது ஆன்மேரி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கி ஷோரூமுக்கு அடித்தாள். மறுமுனையில் எடுத்ததும், “சார், நான் ஆன்மேரி பேசுறேங்க. வேலைக்கு வர முடியாதுங்க” என்றாள். ஏன் என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்.

“நான் டீச்சருங்க. திங்கக்கிழமை கிளாஸ் இருக்குது.”